சாய்வு சரி, வெட்டுத்துண்டு ஏன் இடிக்கிறது? ஒளிமின் விளைவு உண்மையில் எதைக் காட்டுகிறது?

கேள்வி: "லேப்ல மெர்க்குரி விளக்கு வெச்சு ஒளிமின் விளைவு சோதனை பண்ணினோம். நிறுத்து மின்னழுத்தம் 365 நானோமீட்டருக்கு 1.95 வோல்ட், 405-க்கு 1.61, 436-க்கு 1.40, 546-க்கு 0.82. சாய்வுல இருந்து h நல்லாவே வருது. ஆனா வெளியேற்று ஆற்றல் 1.46 எலக்ட்ரான் வோல்ட்னு வருது. கேத்தோடு சீசியம்னு சொன்னாங்க, புத்தகத்துல அதுக்கு 2.1-ன்னு போட்டிருக்கு. எங்க தப்பு பண்ணினோம்? அப்புறம், ஒளி துகள்தான்னு இந்தச் சோதனை நிஜமாவே நிரூபிக்குதா?"

பதில்:

தப்பு உங்கள் கையில் இல்லை. பாடநூல் வரைபடத்தில் ஒரு உலோகத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் குழாயிலோ இரண்டு உலோகப் பரப்புகள் இருக்கின்றன. இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான விடை "முழுதாக இல்லை" என்பது. இரண்டு விடைகளும் தொடர்புள்ளவை. ஒரு நேர்கோட்டிலிருந்து எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதுதான் இரண்டிலும் பிரச்சினை. முதலில் குழாயைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் அளவீடுகளையே எடுத்துக்கொள்கிறேன். 365.0 நானோமீட்டர் ஒளியின் அதிர்வெண் 8.214 × 10¹⁴ ஹெர்ட்ஸ். 546.1 நானோமீட்டர் பச்சைக்கு 5.490 × 10¹⁴. இடையே வித்தியாசம் 2.724 × 10¹⁴. மின்னழுத்த வித்தியாசம் 1.95 − 0.82 = 1.13 வோல்ட். வகுத்தால் சாய்வு 4.15 × 10⁻¹⁵ வோல்ட் செகண்டு. இதை எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலும்பால் பெருக்கினால் h = 6.65 × 10⁻³⁴ ஜூல் செகண்டு. நடுவில் உள்ள இரண்டு புள்ளிகளும் இதே கோட்டில் நூறில் ஒரு வோல்ட் அளவுக்குள் உட்காருகின்றன. உண்மை மதிப்பு 6.626 என்பதால் பிழை அரை சதவீதத்துக்கும் குறைவு. கல்லூரி ஆய்வகக் கருவிக்கு இது மிக நல்ல விளைவு. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் மின்னழுத்த அச்சை −1.46 வோல்ட்டில் வெட்டுகிறது. கணக்கில் எங்கும் கோளாறு இல்லை.

இப்போது eV₀ = hν − φ என்ற சமன்பாட்டில் வரும் φ யாருடையது என்று கேட்க வேண்டும். கேத்தோடுடையது என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். எலக்ட்ரானின் பயணத்தை ஆற்றல் கணக்காகப் பின்தொடர்ந்து பாருங்கள். கேத்தோடில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் ஆற்றல் மட்டங்களின் உச்சமான ஃபெர்மி மட்டத்தில் இருக்கும் எலக்ட்ரான் hν ஆற்றலைப் பெறுகிறது. உலோகத்தைத் தாண்டி வெளியே வர φ_C செலவாகிறது. மிச்சம் hν − φ_C. இதுதான் பெரும இயக்க ஆற்றல். இதுவரை பாடநூல் சொல்வது சரி.

அடுத்து அந்த எலக்ட்ரான் ஆனோடை அடைய வேண்டும். நீங்கள் வோல்ட்மீட்டரில் படிக்கும் V என்பது இரண்டு உலோகங்களின் ஃபெர்மி மட்டங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். ஆனால் எலக்ட்ரான் பறப்பது வெற்றிடத்தில். அது உணர்வது ஒரு பரப்புக்குச் சற்று வெளியே உள்ள மின்னழுத்தத்துக்கும் மற்றொரு பரப்புக்குச் சற்று வெளியே உள்ள மின்னழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை. வெளியேற்று ஆற்றல்கள் வேறுபட்ட இரண்டு உலோகங்களைக் கம்பியால் இணைத்தாலே, மின்கலம் எதுவும் இல்லாமல், இந்த வெளி வித்தியாசம் (φ_A − φ_C)/e அளவுக்கு உருவாகிவிடும். இதைத் தொடுகை மின்னழுத்தம் என்பார்கள். எனவே எலக்ட்ரானை உண்மையில் தடுப்பது V மட்டும் அல்ல; V உடன் இந்தத் தொடுகைப் பகுதியும் சேர்ந்ததுதான். எலக்ட்ரான் நிற்கும் இடத்தில்,

eV₀ + (φ_A − φ_C) = hν − φ_C

இரு பக்கமும் φ_C அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது eV₀ = hν − φ_A. கேத்தோடு காணாமல் போய்விட்டது. உங்கள் வெட்டுத்துண்டு சொல்லும் 1.46 எலக்ட்ரான் வோல்ட், ஒளி விழாத ஆனோடின் வெளியேற்று ஆற்றல். சாய்வில் மட்டும் எந்த உலோகத்தின் கறையும் படியவில்லை. அதனால்தான் h ஒழுங்காக வந்தது.

"ஆனோடு நிக்கலோ பிளாட்டினமோ போன்ற உலோகம்தானே, அதற்கு 5 எலக்ட்ரான் வோல்ட் வாக்கில் இருக்க வேண்டாமா?" என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். சுத்தமான உலோகத்துக்கு அப்படித்தான். ஆனால் மூடிய குழாய்க்குள் சீசியம் ஓரிடத்தில் நிற்காது. ஆவியாகி எல்லாப் பரப்புகளிலும் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். வேறு உலோகத்தின் மேல் படிந்த ஓரணுத் தடிமனுக்கும் குறைவான சீசியப் படலம், அந்தப் பரப்பின் வெளியேற்று ஆற்றலைச் சுத்தமான சீசியத்துக்கும் கீழே இறக்கிவிடக்கூடியது. 1.5-ஐ ஒட்டிய மதிப்பு வருவதில் வியப்பில்லை.

இதைச் சோதித்துப் பார்க்கவும் முடியும். கோட்டை மட்டும் நம்பினால், 650 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கு (1.91 எலக்ட்ரான் வோல்ட்) நிறுத்து மின்னழுத்தம் 0.45 வோல்ட் வர வேண்டும். கேத்தோடின் வெளியேற்று ஆற்றல் உண்மையிலேயே 2.1 ஆக இருந்தால் அந்தச் சிவப்பில் எலக்ட்ரானே வெளிவராது. ஆனோடை நேர் மின்னழுத்தத்தில் வைத்து இழுத்தாலும் மின்னோட்டம் இருக்காது. கேத்தோடின் பயன்தொடக்க அதிர்வெண்ணைக் காண்பதற்கான வழி இதுதான்: கோட்டை நீட்டுவதை விட்டுவிட்டு, இழுக்கும் மின்னழுத்தத்தில் எந்த அலைநீளத்தோடு மின்னோட்டம் அற்றுப்போகிறது என்று பார்ப்பது. சிவப்பிலும் மின்னோட்டம் தெளிவாக வந்தால், உங்கள் கேத்தோடு சுத்தமான சீசியம் அல்ல. விற்பனைக் குழாய்களில் பெரும்பாலும் சீசியமும் ஆன்டிமனியும் சேர்ந்தது போன்ற கூட்டுப் பரப்புகள்தான் இருக்கும். அவற்றைத் தனி உலோக அட்டவணையோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

இந்தச் சிக்கலை முதலில் முழுமையாக எதிர்கொண்டவர் ராபர்ட் மில்லிகன். 1916-இல் வெளியான அவருடைய அளவீட்டில் சோடியம், பொட்டாசியம், லித்தியம் ஆகியவற்றின் உருளைகள் வெற்றிடக் குழாய்க்குள்ளேயே ஒரு கத்தியால் சீவப்பட்டன. காற்றுப் படாத புதுப் பரப்பில் ஒளி விழ வேண்டும் என்பதற்காக. அதே குழாய்க்குள் தொடுகை மின்னழுத்தத்தையும் தனியே அளந்து, அதைத் திருத்தமாகச் சேர்த்தார். அதனால்தான் சாய்வோடு நிற்காமல் வெட்டுத்துண்டைப் பற்றியும் அவரால் பேச முடிந்தது. அவருக்குக் கிடைத்த h இன்றைய அலகில் 6.57 × 10⁻³⁴. இன்றைய மதிப்பைவிட ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே விலகுகிறது. அந்த விலகலின் பெரும்பகுதியும் ஒளிமின் சோதனையில் எழுந்ததல்ல. எண்ணெய்த் துளிச் சோதனையில் அவர் பெற்ற எலக்ட்ரான் மின்னூட்டம் சற்றுக் குறைவாக இருந்தது. சாய்வை அதனால் பெருக்கும்போது h-உம் குறைந்தது.

உங்களுக்கு h நன்றாக வந்துவிட்டது. அதே ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்கு 6.0 என்று வந்திருக்கலாம். ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இந்தச் சோதனையில் பிழைகள் பெரும்பாலும் ஒரே திசையில், h-ஐக் குறைக்கும் பக்கமாகவே சாயும்.

முதல் காரணம் ஆனோடிலிருந்து வரும் எதிர் மின்னோட்டம். மேலே சொன்ன சீசியப் படலத்தால் ஆனோடும் ஒளிக்கு எலக்ட்ரானை விடும் பரப்பாகிவிட்டது. கேத்தோடில் பட்டுச் சிதறும் ஒளி ஆனோடில் விழுந்தால், நீங்கள் தடுக்கும் திசையில் வைத்திருக்கும் மின்னழுத்தம் அந்த எலக்ட்ரான்களை உற்சாகமாகக் கேத்தோடுக்கு இழுக்கும். மீட்டர் காட்டுவது இரண்டின் வித்தியாசம். அது சுழியாகும் புள்ளி, கேத்தோடு எலக்ட்ரான்கள் நின்றுபோன புள்ளி அல்ல. இரண்டும் சமமான புள்ளி. எனவே V₀ குறைவாகத் தெரியும். புற ஊதா ஒளியில் ஆனோடின் உமிழ்வு அதிகம் என்பதால் கோட்டின் மேல்முனைதான் அதிகம் கீழிறங்கும். உங்கள் 365 நானோமீட்டர் அளவீடு 1.95-க்குப் பதில் 1.85 ஆகியிருந்தால், சாய்வு 1.03 ÷ 2.724 கணக்கில் 3.78 × 10⁻¹⁵ ஆகி, h 6.06 × 10⁻³⁴-க்கு இறங்கியிருக்கும். ஒரே புள்ளியில் பத்தில் ஒரு வோல்ட் பிழை, விடையில் 9 சதவீதம்.

இதைக் கண்டுபிடிக்க, சுழியில் நிறுத்திவிடாமல் மின்னழுத்தத்தை இன்னும் ஒரு வோல்ட் தாண்டிக் கொண்டுபோங்கள். மின்னோட்டம் எதிர்த் திசைக்குப் போய் ஒரு மட்டத்தில் தட்டையாக நின்றால் அதுதான் ஆனோடு மின்னோட்டம். அப்போது மின்னோட்டம் சுழியாகும் இடத்தை எடுக்காமல், வளைகோடு அந்தத் தட்டைப் பகுதியிலிருந்து விலகத் தொடங்கும் இடத்தை V₀ என்று எடுப்பது சரியானதற்கு நெருக்கம். விலகும் இடத்தைக் கண்ணால் குறிப்பதில் கொஞ்சம் விருப்பு வெறுப்பு கலக்கும்; அதனால் எல்லா அலைநீளத்துக்கும் ஒரே முறையைக் கையாள வேண்டும். பாதிக்கு ஒன்று, பாதிக்கு மற்றொன்று என்று கலந்தால் சாய்வு கெடும். ஒளிக்கற்றையைக் குறுக்கி, ஆனோடு வளையத்தில் நேரடியாகப் படாமல் கேத்தோடின் நடுவில் விழச் செய்தால் பிரச்சினை பாதி தீரும்.

இரண்டாவது காரணம் ஒளிக் கலப்பு. நிறுத்து மின்னழுத்தம், குழாய்க்குள் நுழையும் ஒளியில் எது அதிக அதிர்வெண் உடையதோ அதற்காகத்தான் பேசும். பச்சை வடிகட்டியின் ஓரத்தில் ஊதா கொஞ்சம் கசிந்தாலும், பச்சைக்கு 0.82 வர வேண்டிய இடத்தில் 0.9-ஐத் தாண்டிக் காட்டும். இம்முறை கோட்டின் கீழ்முனை உயர்கிறது; சாய்வு மறுபடியும் குறைகிறது. அறை விளக்கை அணைப்பது, குழாயின் மூடியைச் சரியாக மூடுவது, கீற்றணி பயன்படுத்தினால் பச்சை, மஞ்சள் அளவீட்டின்போது அந்த நிற வடிகட்டியையும் சேர்த்து வைப்பது ஆகியவை இதற்காகத்தான். கீற்றணியில் இரண்டாம் வரிசைப் புற ஊதா, முதல் வரிசை மஞ்சளின் மேல் விழக்கூடியது. கண்ணுக்குத் தெரியாது, குழாய்க்குத் தெரியும்.

ஒளிக் கலப்பையும் மின்னோட்டக் கசிவையும் ஒரே சோதனையில் மோப்பம் பிடிக்கலாம். ஒரே அலைநீளத்தில் ஒளியின் செறிவைப் பாதியாக்கிவிட்டு V₀-ஐ மறுபடி அளந்து பாருங்கள். கொள்கைப்படி அது அசையக் கூடாது. நூறில் ஒன்றிரண்டு வோல்ட் அசைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். காரணம், உலோகத்தில் ஃபெர்மி மட்டம் கத்தியால் வெட்டியது போல் முடிவதில்லை. அறை வெப்பநிலையில் அதன் விளிம்பு 0.025 எலக்ட்ரான் வோல்ட் அளவில் மங்கலாக இருக்கும். சில எலக்ட்ரான்கள் வெப்பத்தால் சற்று உயரத்திலிருந்தே கிளம்புகின்றன. ஆகவே "பெரும இயக்க ஆற்றல்" என்பது கறாராகச் சுழி கெல்வினில்தான் பொருந்தும். வளைகோடு சுழியை மெல்லத் தொடுவதால், மங்கலான ஒளியில் மீட்டர் அதைச் சற்று முன்னதாகவே சுழி என்று சொல்லிவிடும். அசைவு பத்தில் ஒரு வோல்ட்டை எட்டினால் அது வெப்பத்தின் வேலை அல்ல; கசிவோ கலப்போ இருக்கிறது. செறிவு மாறும்போது V₀ மாறுவதைப் பார்த்துவிட்டு "ஐன்ஸ்டைன் தப்பு" என்று எழுதிவிடாமல், முதலில் விளக்கை மூடி, இருளில் எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று பாருங்கள். குழாயின் கண்ணாடியில் படிந்த விரல் பிசுக்கு ஈரத்தோடு சேர்ந்தாலே மின்னோட்டம் கசியும்.

இனி ஒளி துகளா என்ற பகுதி. இங்கே இரண்டு தனித்தனிக் கூற்றுகள் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன. ஒன்று: பழைய அலைக் கொள்கையும், எலக்ட்ரானைச் சிறு பந்தாகக் கருதும் பழைய இயக்கவியலும் சேர்ந்து இந்த விளைவை விளக்க முடியாது. இது உறுதி. மற்றொன்று: ஆகவே ஒளி துகள்தான். இது முதலாவதிலிருந்து தானாக வந்துவிடாது.

முதல் கூற்று எவ்வளவு வலுவானது என்பதை ஒரு கணக்கில் காணலாம். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மைக்ரோவாட் என்ற மிக மங்கலான ஊதா ஒளி உலோகத்தில் விழுகிறது என்று வையுங்கள். அலையின் ஆற்றல் பரப்பு முழுவதும் சீராகப் பரவியிருக்கும். ஓர் அணுவின் குறுக்குப் பரப்பு சுமார் 10⁻¹⁹ சதுர மீட்டர். ஆக ஓர் அணுவுக்கு ஒரு செகண்டில் கிடைப்பது 10⁻²⁵ ஜூல். எலக்ட்ரானை விடுவிக்க 2.1 எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 3.4 × 10⁻¹⁹ ஜூல் தேவை. சேர்த்து முடிக்க 34 லட்சம் செகண்டு, ஏறத்தாழ 39 நாள் ஆகும். பக்கத்து அணுக்களிலிருந்தும் ஆற்றல் எப்படியோ வந்து சேர்கிறது என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் காத்திருப்பு மறையாது. உண்மையில் நடப்பது என்ன? அதே ஒளி ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் செகண்டுக்கு சுமார் 20 கோடி ஃபோட்டான்களாக விழுகிறது. நூறு ஃபோட்டான்களுக்கு ஓர் எலக்ட்ரான் வெளிவந்தாலே செகண்டுக்கு 20 லட்சம் எலக்ட்ரான்கள். நுண்ணிய மின்னோட்டமானியால் அளந்துவிடலாம். முதல் எலக்ட்ரான் காத்திருப்பதே இல்லை. லாரன்ஸும் பீம்ஸும் 1928-இல் இந்தத் தாமதம் 3 நானோசெகண்டுக்கும் குறைவு என்று காட்டினார்கள்.

ஆக, பழைய படம் போயிற்று. ஆனால் மில்லிகன் போன்றவரே ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைச் சரி என்று ஒப்புக்கொண்டு, அதற்குப் பின்னால் இருந்த ஒளித்துகள் கருத்தை 1916-இல் ஏற்க மறுத்தார் என்பதைக் கவனியுங்கள். வெறும் பிடிவாதம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது. கோடு சரி என்பது ஒன்று, கோட்டுக்கு ஒரே விளக்கம்தான் உண்டு என்பது வேறு.

வேறொரு விளக்கம் பிறகு கிடைக்கவும் செய்தது. குவாண்டம் இயக்கவியல் வந்ததும், 1927-இல் வென்ட்சல் போன்றவர்கள் எலக்ட்ரானை மட்டும் குவாண்டம் விதிகளால் விவரித்து, ஒளியை மேக்ஸ்வெல்லின் பழைய அலையாகவே விட்டுக் கணக்கிட்டார்கள். 1969-இல் லாம்பும் ஸ்கல்லியும் இதே வாதத்தைத் தெளிவாக முன்வைத்தார்கள். கணக்கின் சாரம் இதுதான். குவாண்டம் எலக்ட்ரானின் ஒவ்வொரு நிலையும் தன் ஆற்றலுக்கு ஏற்ற அதிர்வெண்ணில் அலைகிறது. ஆற்றல் E என்றால் அதிர்வெண் E/h. வெளியிலிருந்து ν அதிர்வெண்ணில் ஆட்டும் ஒரு மின்புலம், அதிர்வெண்கள் ν அளவுக்கு வேறுபடும் இரண்டு நிலைகளைத்தான் ஒத்ததிர்வால் இணைக்க முடியும். அதாவது ஆற்றல் hν அளவுக்கு வேறுபடும் நிலைகளை. உடனே பயன்தொடக்க அதிர்வெண் வந்துவிடுகிறது. hν − φ என்ற நேர்கோடும் வந்துவிடுகிறது. மாறும் வீதம் மின்புலத்தின் வர்க்கத்துக்கு, அதாவது செறிவுக்கு, நேர் விகிதமாக இருக்கிறது. அது நிகழ்தகவு என்பதால் முதல் கணத்திலிருந்தே எலக்ட்ரான் வெளிவர வாய்ப்பு உண்டு, தாமதமும் இல்லை. பாடநூல் சொல்லும் மூன்று அம்சங்களும், ஃபோட்டான் என்ற சொல்லே இல்லாமல் கிடைத்துவிட்டன. சாய்வில் உள்ள h, ஒளிக்குள் இருந்து வந்ததா எலக்ட்ரானுக்குள் இருந்து வந்ததா என்று உங்கள் வரைபடத்தால் சொல்ல முடியாது.

இந்த அரைகுறைக் குவாண்டம் படத்துக்கு ஓர் ஓட்டை உண்டு. அங்கேதான் துகளுக்கான உண்மையான சான்று ஒளிந்திருக்கிறது. மேலே சொன்ன மங்கலான ஒளியில் எலக்ட்ரான் முதல் கணத்திலேயே வெளியேறினால், அதன் ஆற்றல் எங்கிருந்து வந்தது? பரவிக் கிடக்கும் அலை அந்த இடத்துக்கு அவ்வளவு ஆற்றலை இன்னும் கொண்டுவரவே இல்லை. இந்தப் படத்தில் ஆற்றல் அழிவின்மை, ஏராளமான நிகழ்வுகளின் சராசரியில்தான் நிற்கும். ஒவ்வொரு நிகழ்விலும் நிற்காது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ஒரே ஒரு உமிழ்வில் வந்த ஒளியை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் எலக்ட்ரான் வெளிவருமா என்பதுதான். அலை என்றால் இரண்டு பக்கமும் பாதிப் பாதி அலை போகிறது; இரண்டு உணர்விகளும் ஒரே நேரத்தில் சொடுக்க வாய்ப்பு உண்டு. பிரிக்க முடியாத ஒரே பொதி என்றால் ஏதாவது ஒன்றுதான் சொடுக்கும்.

இதைத் தெளிவாகச் செய்துகாட்டியவர்கள் கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே ஆகிய மூவர், ஆண்டு 1986. கிளர்வுற்ற கால்சியம் அணு கீழிறங்கும்போது அடுத்தடுத்து இரண்டு ஃபோட்டான்களை விடும்: முதலில் 551 நானோமீட்டரில் ஒன்று, உடனே 423 நானோமீட்டரில் மற்றொன்று. முதலாவதைப் பிடித்ததும் ஒரு குறுகிய கால வாயில் திறக்கிறது. அந்த வாயிலுக்குள் இரண்டாவது ஃபோட்டான் ஒரு பாதி ஊடுருவும் ஆடியில் விழுகிறது. இரண்டு பக்கமும் உணர்விகள். கணக்கு எளிது. வாயில் 10 லட்சம் தடவை திறந்தது, ஒவ்வொரு உணர்வியும் 10,000 தடவை சொடுக்கியது என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். ஒளி அலை என்றால், இரண்டும் சேர்ந்து சொடுக்குவது குறைந்தது 10,000 × 10,000 ÷ 10,00,000 = 100 தடவை நடக்க வேண்டும். அலையின் செறிவு தடவைக்குத் தடவை ஏறி இறங்கினால் அது 100-ஐவிடக் கூடுமே தவிரக் குறையாது. உண்மையில் கிடைத்த எண்ணிக்கையை இந்த எண்ணிக்கையால் வகுத்தால் வரும் விகிதம்தான் அவர்கள் அளந்தது. அலைக்கு அது 1-க்குக் கீழே போகவே கூடாது. அவர்களுக்குக் கிடைத்தது 0.18, பிழை 0.06. நம் உதாரணத்தில் 100-க்குப் பதில் சுமார் 18 தடவை. அந்த 18-உம், ஒரே வாயிலுக்குள் வேறொரு அணுவின் ஃபோட்டானும் தற்செயலாக நுழைந்துவிடுவதால் வருபவை.

சொடுக்கிய அந்த உணர்விகள் ஒளிப்பெருக்கிக் குழாய்கள்; அவை வேலை செய்வதே ஒளிமின் விளைவால்தான். ஒரே ஒரு ஒளிமின் உமிழ்வு எதையும் நிரூபிக்காத இடத்தில், இரண்டு குழாய்களுக்கு இடையே உமிழ்வுகள் எப்படி ஒத்துப்போகின்றன, எப்படி ஒத்துப்போக மறுக்கின்றன என்பது நிரூபித்துவிட்டது.

இங்கே மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் ஓர் இடம். லேசரை வடிகட்டிகளால் மங்கச் செய்து, "சராசரியாக ஒரு நேரத்தில் ஒரு ஃபோட்டானுக்கும் குறைவு" என்று கொண்டுவந்தால் அதுவே போதாதா என்பார்கள். போதாது. மங்கிய லேசரை இதே ஆடிச் சோதனைக்கு அனுப்பினால் விகிதம் சரியாக 1 வரும்; அலைக் கணக்கோடு முரண்படாது. சொடுக்குகள் தனித்தனியாக விழுவதைப் பார்த்து மட்டும் துகள் என்று முடிவு கட்டக் கூடாது. உணர்வியின் குவாண்டம் தன்மையே சொடுக்குகளைத் தனித்தனியாக்கிவிடும். மூலம்தான் முக்கியம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே உமிழும் மூலம் வேண்டும்.

காம்ப்டன் விளைவு இதில் எங்கே நிற்கிறது? ஒளி ஆற்றலோடு h/λ அளவு உந்தத்தையும் பொதியாகக் கொடுக்கிறது என்று காட்டியதால், 1923-இல் பெரும்பாலான இயற்பியலாளர்களின் மனத்தை மாற்றியது அதுதான். 0.071 நானோமீட்டர் எக்ஸ் கதிர் கிராஃபைட்டில் பட்டுச் செங்கோணத்தில் சிதறும்போது அலைநீளம் 0.0024 நானோமீட்டர் கூடுகிறது. இரண்டு பந்துகள் மோதும் கணக்கில் அந்த எண் அப்படியே வருகிறது. அலைநீள மாற்றத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இங்கும் சராசரி வாதத்துக்கு இடம் இருந்தது. நீல்ஸ் போர், கிராமர்ஸ், ஸ்லேட்டர் மூவரும் 1924-இல் அதைத்தான் முன்வைத்தார்கள். 1925-இல் போதேயும் கெய்கரும், சிதறிய எக்ஸ் கதிரும் தெறித்த எலக்ட்ரானும் ஒரே நேரத்தில் வருகின்றன என்று எண்ணிக் காட்டியபோது அந்த வாதம் விழுந்தது. இங்கும் முடிவு சொன்னது, இரண்டு எண்ணிகளின் ஒத்துப்போக்குதான்.

தேர்வுத் தாளில் எப்படி எழுதுவது என்றும் நீங்கள் யோசிப்பீர்கள். பயன்தொடக்க அதிர்வெண், செறிவைச் சாராத நிறுத்து மின்னழுத்தம், தாமதமின்மை மூன்றையும் எழுதி, "இவற்றைப் பழைய அலைக் கொள்கையால் விளக்க இயலாது, ஐன்ஸ்டைனின் ஃபோட்டான் கருத்து எளிதாக விளக்குகிறது" என்று எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும், வரிக்கு வரி உண்மையும்கூட. "நிரூபிக்கிறது" என்ற வினைச்சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆய்வகப் பதிவேட்டில் 1.46-ஐ அடித்துவிட்டு 2.1 என்று எழுத வேண்டாம், "வெட்டுத்துண்டிலிருந்து ஆனோடு பரப்பின் வெளியேற்று ஆற்றல் 1.46 எலக்ட்ரான் வோல்ட்" என்று எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் ஏன் என்று கேட்டால், φ_C அடிபடும் அந்த ஒரு வரியைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம்.

துகள் என்று சொல்லும்போது சிறு குண்டு ஒன்று பறப்பதாகவும் மனத்தில் வரைந்துகொள்ள வேண்டாம். கிராஞ்சியே குழுவினர் அதே கால்சியம் ஃபோட்டான்களை, ஆடிக்குப் பின்னால் இருந்த இரண்டு பாதைகளையும் மறுபடி ஒன்றுசேர்க்கும் ஒரு குறுக்கீட்டுமானிக்குள் அனுப்பினார்கள். ஆடியில் பிரியவே மாட்டேன் என்று நின்ற அந்த ஒற்றை ஃபோட்டான்கள், அங்கே 98 சதவீதத்துக்கும் மேற்பட்ட தெளிவோடு குறுக்கீட்டு வரிகளைத் தந்தன.